திறமையும் கையில் இருக்கும் வேலையும் பார்த்து கேஸ்களைப் பிரிக்க என்ன விதிகள் வைக்க வேண்டும்?

கேள்வி: "கணக்கு மென்பொருள் விற்கும் கம்பெனியில் உதவிக் குழுவை நடத்துகிறேன், 9 பேர். இதுவரை காலையில் நானே உட்கார்ந்து கேஸ்களைப் பிரித்துக் கொடுத்தேன். இப்போது சேல்ஸ்ஃபோர்ஸில் ஆம்னி சேனல் வாங்கியிருக்கிறோம். யாருக்கு எது தெரியும், யார் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்த்து அதுவே பிரிக்க வேண்டும். விதிகளை எப்படி வைப்பது? ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்தோம், எல்லாம் தெரிந்த மூத்தவர் தலையில்தான் வேலை முழுவதும் விழுந்தது."

பதில்:

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த அமைப்பை முதன்முறை போடும் எல்லோருக்கும் நடப்பது அதுதான், எனக்கும் நடந்தது. நானும் உங்களுடையதைப் போன்ற ஒரு குழுவில்தான் இதை அமைத்தேன். ஜிஎஸ்டி, பில் பிரிண்டர், டேட்டா மீட்பு என்று அதே மாதிரி கேஸ்கள். மூத்தவர் தலையில் வேலை குவிவதற்கு மென்பொருள் காரணம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று நாம் எழுதிக் கொடுத்தோம், அது அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு கேஸ் வந்ததும், அதற்கு வேண்டிய திறமைகள் எல்லாம் யாரிடம் இருக்கின்றன என்று முதலில் சலிக்கும். தேறியவர்களில் யார் கையில் இடம் இருக்கிறது என்று அடுத்ததாகப் பார்க்கும். இரண்டாவது கட்டத்தில் "இவர் அருமையான ஆள், கஷ்டமான கேஸுக்கு இவரைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்" என்ற யோசனை அதற்கு வராது. அந்த யோசனையை முதல் கட்டத்திலேயே, திறமைப் பட்டியலில் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

சரி, திறமைப் பட்டியல். போன மாதக் கேஸ்களில் ஒரு 200 எடுத்து உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் "இதை நம் குழுவில் யாரிடம் கொடுத்தால் தப்பாகப் போயிருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். யாரிடம் கொடுத்தாலும் முடிந்திருக்கும் என்றால் அதற்குத் தனித் திறமை வேண்டாம். இப்படிப் போனால் 9 பேர் குழுவுக்கு ஐந்தாறு திறமைக்கு மேல் வராது. எங்களுக்கு வந்தவை: பொது, ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஜிஎஸ்டி நோட்டீஸ், டேட்டா மீட்பு, இந்தி, மலையாளம். நான் முதலில் எழுதிய பட்டியலில் 17 இருந்தன. பிரிண்டர் கம்பெனி வாரியாகக்கூடத் திறமை வைத்திருந்தேன், அதனால் எந்தப் பயனும் இல்லை.

இதில் ஜிஎஸ்டி ஏன் இரண்டாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு ஆளின் திறமைக்கும் ஓர் அளவு கொடுக்கலாம், வழக்கமாக 0 முதல் 10 வரை. அதனால் எல்லோரும் செய்வது இது: ஜிஎஸ்டி என்று ஒரே திறமை, சாதாரண ரிட்டர்னுக்கு 3 போதும், நோட்டீஸுக்கு 7 வேண்டும், புதியவருக்கு 3, மூத்தவருக்கு 9. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் ஒரு தரைமட்டம்தான். 3 கேட்டால் 3-ம் அதற்கு மேலும் இருக்கிற எல்லோரும் தேறிவிடுவார்கள். அதாவது 9 வைத்திருக்கும் மூத்தவர் ஒவ்வொரு சாதாரண ரிட்டர்னுக்கும் தகுதியானவர். கேட்ட அளவுக்கு நெருக்கமானவரைப் பார்த்துக் கொடுக்கும் வேலையை அது செய்வதில்லை. உங்கள் மூத்தவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் எண்ணை விட்டுவிட்டுத் திறமையையே இரண்டாகப் பிரித்தோம். மூத்தவருக்கு நோட்டீஸும் டேட்டா மீட்பும் மட்டும். அவருக்கு ரிட்டர்ன் போடத் தெரியாதா என்ன, கண்ணை மூடிக்கொண்டு போடுவார், இருந்தாலும் அந்தத் திறமை அவர் பெயரில் இல்லை. பொது வேலையும் இல்லை. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இரண்டே திறமை இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு சங்கடப்படும். ஒன்று கவனிக்க வேண்டும்: இது வேலை செய்ய, சாதாரணக் கேஸ்களுக்கும் "பொது" என்று ஒரு திறமை கட்டாயம் கேட்கப்பட வேண்டும். எதுவுமே கேட்காத கேஸ் யாரிடம் வேண்டுமானாலும் போகும், அவரிடமும் போகும்.

எந்தக் கேஸுக்கு எந்தத் திறமை என்பதை `Skills-Based Routing Rules` பக்கத்தில் சொல்ல வேண்டும். கேஸில் இருக்கும் ஒரு புலத்தின் மதிப்பைத் திறமையோடு இணைக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தப் புலம் சரியாக நிரம்பியிருக்க வேண்டும். கேஸ் வகையை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும்படி விட்டால் பாதிப் பேர் "மற்றவை" என்பதை அழுத்துவார்கள். எங்கள் படிவத்தில் "மற்றவை" என்ற தேர்வையே எடுத்துவிட்டு, ஏழு வகையைச் சாதாரண வாக்கியமாக எழுதினோம், "என் பழைய கணக்கு திறக்க மாட்டேன் என்கிறது" என்கிற மாதிரி. அதற்கப்புறம் தவறான ஆளிடம் போவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது.

அடுத்து, கட்டாயத் திறமையும் கூடுதல் திறமையும். மலையாளம் பேசும் ஒருவர் டேட்டா மீட்புக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்தவர் உங்களிடம் ஒருவர்தான், அன்றைக்கு அவர் லீவு. இரண்டையும் கட்டாயம் என்று போட்டிருந்தால் அந்தக் கேஸ் யாரிடமும் போகாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, அமைதியாக உட்கார்ந்திருக்கும். இப்படி ஒரு கேஸ் எங்களிடம் இரண்டு நாள் கிடந்தது, கடைக்காரர் போனில் கூப்பிட்டுக் கத்தியபோதுதான் தெரிந்தது. அதனால் டேட்டா மீட்பைக் கட்டாயமாகவும் மலையாளத்தைக் கூடுதலாகவும் குறித்துவிட்டு, ரூட்டிங் அமைப்பில் `Drop Additional Skills Time-Out` என்ற இடத்தில் நொடிக் கணக்கில் நேரம் கொடுங்கள். நாங்கள் 900 கொடுத்தோம், அதாவது கால் மணி நேரம். அதற்குள் மலையாளம் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் போகும். மொழி தெரிந்த இன்னொருவரைக் கூடச் சேர்த்துப் பேசவைத்துச் சமாளிக்கலாம். டேட்டா மீட்பு தெரியாதவர் அந்தக் கணக்குக் கோப்பைத் தொட்டால் சமாளிக்கவே முடியாது. எது இல்லாவிட்டால் ஆபத்தோ அது கட்டாயம், எது இருந்தால் வசதியோ அது கூடுதல்.

இப்போது சுமைக்கு வருவோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மொத்தக் கொள்ளளவு, ஒவ்வொரு வகை வேலைக்கும் ஓர் எடை. ஆளுக்கு 10 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. எடையைக் கேஸ் முடிய ஆகும் மொத்த நேரத்தை வைத்துப் போடாதீர்கள். ஒரே சமயத்தில் எத்தனை கேஸ் கையில் வைத்துக்கொண்டு ஒருவரால் குழம்பாமல் இருக்க முடியும் என்பதை வைத்துப் போடுங்கள். பொதுக் கேஸ் என்றால் ஐந்து வரை தாங்கும் என்றார்கள் எங்கள் ஆட்கள், அதனால் எடை 2. ரிட்டர்னும் நோட்டீஸும் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றார்கள், எடை 3. டேட்டா மீட்பு ஒன்று கையில் இருக்கும்போது பக்கத்தில் சின்னதாக ஒன்று பார்க்கலாம், இரண்டாவது மீட்பு முடியாது, எடை 6. புதிதாகச் சேர்ந்தவருக்கு எடையை மாற்றாமல் அவருடைய கொள்ளளவை 6 ஆக்கினோம்.

எடை எப்போது இறங்கும் என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு முறை இருக்கிறது. ஒன்றில், ஏஜென்ட் அந்தக் கேஸின் டாபை மூடினாலே கை காலி என்று எடுத்துக்கொள்ளும். சாட்டுக்கு இது பொருந்தும். நாள் கணக்கில் இழுக்கும் கேஸ்களுக்குப் பொருந்தவே பொருந்தாது: காலையில் டாபை மூடிவிட்டு டீக்குப் போனவர் கையில் ஏழு கேஸ் இருக்கும், திரையில் பூஜ்யம் என்று காட்டும், இன்னும் இரண்டு வந்து விழும். இன்னொன்று கேஸின் நிலையை வைத்துக் கணக்கிடும் முறை. சர்வீஸ் சேனலில் அதைத் தேர்ந்தெடுத்து, எந்த நிலைகள் வேலை நடக்கிறது என்று பொருள், எந்த நிலைகள் முடிந்தது என்று பொருள் என்று சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு இதுதான் வேண்டும்.

இதில் ஒரு நிலை மட்டும் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும்: வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பது. அதை வேலை நடக்கும் பக்கம் வைத்தால், பதில் போடாத நான்கு கடைக்காரர்களால் ஒருவர் கொள்ளளவு நிரம்பி, சும்மா உட்கார்ந்திருப்பார். முடிந்த பக்கம் வைத்தால் இடம் கிடைக்கும், ஆனால் கேஸை அங்கே தள்ளிவிட்டு மறந்துவிட வாய்ப்பு இருக்கிறது. நான் முடிந்த பக்கம்தான் வைப்பேன், வைத்துவிட்டு வாரம் இரண்டு முறை கீழே உள்ளதை ஓட்டிப் பார்ப்பேன். உங்கள் அமைப்பில் அந்த நிலையின் பெயர் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
SELECT OwnerId, COUNT(Id)
FROM Case
WHERE Status = 'Waiting on Customer'
AND LastModifiedDate < LAST_N_DAYS:3
GROUP BY OwnerId
```

மூன்று நாளுக்கு மேல் யாரும் தொடாமல் காத்திருப்பில் கிடப்பவை யார் பெயரில் எத்தனை என்று இது சொல்லும். ஒருவர் பெயரில் மட்டும் எண்ணிக்கை மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தால் அவரிடம் போய்ப் பேசுங்கள். கோபமாகப் பேச வேண்டாம். பெரும்பாலும் அவருக்கு எடை சரியாகப் போடப்படவில்லை, மூச்சு விட அதை ஒரு வழியாகக் கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் தெரியவரும்.

தேறியவர்களில் யாருக்குக் கொடுப்பது என்பதற்கு ரூட்டிங் அமைப்பில் இரண்டு தேர்வுகள்: `Least Active`, `Most Available`. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எல்லோருக்கும் ஒரே கொள்ளளவு என்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறினால் விஷயமே மாறிவிடும். அனுபவமுள்ள ஒருவருக்குக் கொள்ளளவு 10, கையில் 6 இருக்கிறது, மீதி 4. புதியவருக்குக் கொள்ளளவு 6, கையில் 4, மீதி 2. முதல் தேர்வு யார் கையில் குறைவாக இருக்கிறது என்று பார்க்கும், 4 குறைவு, ஆகவே புதியவருக்குப் போகும், அவர் நிரம்பிவிடுவார். இரண்டாவது தேர்வு யாரிடம் மீதி இடம் அதிகம் என்று பார்க்கும், அனுபவமுள்ளவருக்குப் போகும். புதியவரைக் காப்பாற்றத்தான் கொள்ளளவைக் குறைத்தோம், முதல் தேர்வைப் போட்டால் அதுவே அவரை முதலில் நிரப்பும். உங்களிடம் ஒரு புதியவராவது இருந்தால் `Most Available` போடுங்கள்.

முன்னுரிமை பற்றி. ஒவ்வொரு ரூட்டிங் அமைப்புக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, சின்ன எண் முதலில் போகும். மாதாந்திரமாகத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, 3பி-க்கு 20 என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களுக்கு முன்னால் கேஸ் கூடும்போது கை பரபரக்கும், எல்லோர் கொள்ளளவையும் 10-லிருந்து 15 ஆக்கலாம் என்று. செய்யாதீர்கள். கேஸ் வரிசையில் காத்திருந்தால் யாருக்கு இடம் வருகிறதோ அவரிடம் போகும். கொள்ளளவைக் கூட்டினால் அதே கேஸ் ஒருவர் பெயரில் போய்க் காத்திருக்கும், பக்கத்து ஆள் காலியானாலும் அவரிடம் வராது. வரிசை நீளமாகத் தெரிவது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் அது அங்கே இருப்பதே நல்லது. 18, 19, 20 தேதிகளில் ரிட்டர்ன் வரிசையின் முன்னுரிமையை மட்டும் ஏற்றினோம், 21-ம் தேதி காலையில் இறக்கினோம்.

ஏற்றும்போது பொதுக் கேஸ்கள் பட்டினி கிடக்கும். ரிட்டர்ன் வந்துகொண்டே இருக்கும்வரை, இரண்டு திறமையும் உள்ள ஆட்களுக்குப் பொதுக் கேஸ் போகவே போகாது. இதற்கு எஸ்கலேஷன் விதியைப் பயன்படுத்துங்கள். வேலை நேரக் கணக்கில் 4 மணி நேரம் ஆகியும் யாரிடமும் போகாத பொதுக் கேஸை, முன்னுரிமை அதிகமுள்ள வேறு வரிசைக்கு அது மாற்றிவிடும். வேலை நேரக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம், இல்லையென்றால் இரவில் வந்த எல்லாக் கேஸும் காலை ஒன்பது மணிக்கே அவசரமாகிவிடும்.

இப்போது எங்களுக்கு நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன், மேலே சொன்னது எல்லாம் அதில் வரும். ஒரு மாதம் 19-ம் தேதி. அப்போது திறமையைப் பிரிக்கவில்லை, மூத்தவருக்கு ஜிஎஸ்டியும் இருந்தது, டேட்டா மீட்பும் இருந்தது. காலையில் அவர் கையில் இரண்டு ரிட்டர்ன், 6 புள்ளி, மீதி 4. பத்தரை மணிக்கு ஒரு டேட்டா மீட்புக் கேஸ் வந்தது, முன்னுரிமை 1, எடை 6. அவரிடம் இருப்பது 4, பொருந்தவில்லை, காத்திருக்கிறது. அது காத்திருக்கிறதே என்று அந்த 4-ஐ யாரும் பிடித்து வைக்கவில்லை. அடுத்து வந்த ரிட்டர்னின் எடை 3, பொருந்தியது, உள்ளே போய்விட்டது. இப்போது மீதி 1. பதினொன்றே காலுக்கு ஒரு ரிட்டர்னை முடித்தார், மீதி 4, மறுபடியும் 6 பொருந்தவில்லை, அடுத்த ரிட்டர்ன் உள்ளே வந்தது. மாலை வரை இதேதான். முன்னுரிமை 1 இருந்தும், அந்தக் கேஸுக்குத் தேவையான ஒரே ஆள் நாள் முழுக்க வேலை செய்தும், அது அவரிடம் போகவே இல்லை. பெரிய எடையுள்ள வேலைக்கு இடம் சேர்வதற்குள் சின்ன வேலைகள் வந்து இடத்தை அடைத்துவிடுகின்றன. நான் அன்று மாலை காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கும்வரை இது புரியவில்லை.

இரண்டு வழி இருந்தது. டேட்டா மீட்பின் எடையை 4 ஆக்கலாம். அப்படியென்றால் மூன்று ரிட்டர்ன் வைத்திருப்பவர் ஒன்றை முடித்ததும் மீதி 4 வரும், முன்னுரிமை அதிகமுள்ள டேட்டா கேஸ் முதலில் உள்ளே போகும். கணக்கு சரிதான், ஆனால் இரண்டு மீட்புகள் ஒரே சமயத்தில் அவரிடம் விழ வாய்ப்பு வரும், எடை 6 வைத்ததே அதைத் தடுக்கத்தான். அதனால் இரண்டாவது வழியை எடுத்தோம், மேலே சொன்னபடி ஜிஎஸ்டியைப் பிரித்து ரிட்டர்னை அவரிடமிருந்து எடுத்தது. நோட்டீஸ் மாதத்துக்குக் கொஞ்சம்தான் வரும். கையில் ஒரு நோட்டீஸ் இருந்தால் 3, டேட்டா 6, மொத்தம் 9, இரண்டும் ஒன்றாக நிற்கும். இரண்டு நோட்டீஸ் இருந்தால் மீதி 4, டேட்டா பொருந்தாது, ஆனால் ஒன்று முடிந்ததும் மீதி 7 ஆகிப் பொருந்திவிடும், இடையில் மூன்றாவது நோட்டீஸ் வந்தால் தவிர. அது அரிது என்பதால் ஏற்றுக்கொண்டோம். உங்கள் குழுவில் நோட்டீஸ் அதிகம் என்றால் முதல் வழிதான் நல்லது. உங்கள் எண்களைப் போட்டு இதேபோல் காகிதத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அரை மணி நேரம்தான் ஆகும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாதத்தின் 5-ம் தேதி வாக்கில் மூத்தவர் பாதி நாள் காலியாக இருப்பார், மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே இருந்து யாராவது கேட்பார்கள், அவருக்கும் பொது வேலை கொடுக்கலாமே என்று. அந்தக் காலி நேரத்தில் அவர் இன்னொருவருக்கு டேட்டா மீட்பு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். நான்கு மாதத்தில் இரண்டாவது ஆள் தயாரானார், அதன்பிறகு மூத்தவர் லீவு போட்ட அன்று டேட்டா கேஸ் தேங்குவது நின்றது.

தொடங்கிய முதல் இரண்டு வாரம் `Omni Supervisor` திரையைத் திறந்தே வைத்திருங்கள். திறமை வாரியாகத் தேங்கியிருப்பதை அதில் பார்க்கலாம். ஒரு திறமையில் மட்டும் கேஸ் தேங்கி, அந்தத் திறமை உள்ளவர்களும் நிரம்பியிருந்தால் உங்களுக்கு ஆள் போதவில்லை. தேங்கியும் இருக்கிறது, அவர்கள் கையில் இடமும் இருக்கிறது என்றால் எடை பொருந்தவில்லை, அல்லது இன்னொரு கட்டாயத் திறமை தடுக்கிறது. கேஸ் ஆளிடம் போய்ப் போய்த் திரும்பி வருகிறது என்றால் அவர் இருக்கையில் இல்லை, நிலையை மாற்றாமல் எழுந்து போயிருக்கிறார். ஏற்காமல் நேரம் கடந்தால் அவர் நிலையைத் தானாக வெளியே என்று மாற்றும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த இரண்டு வாரமும் நீங்கள் கையால் யாருக்காவது கேஸை மாற்றிக் கொடுத்தால், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எங்களிடம் அப்படி 31 வரிகள் சேர்ந்தன, அதில் 20-க்கு மேல் ஒரே காரணம்: "இந்தக் கடைக்காரருக்கு இவர்தான் முன்பு பார்த்தார்". விதியில் நான் அதை யோசிக்கவே இல்லை. ஏழு நாளுக்குள் அதே கடையிலிருந்து வரும் கேஸ், முன்பு பார்த்தவர் இருக்கையில் இருந்து இடமும் இருந்தால் அவருக்கே போகட்டும், இல்லையென்றால் வழக்கமான வழியில் போகட்டும் என்று ஒரு ஃப்ளோ எழுதிச் சேர்த்தோம். உங்கள் பட்டியலில் வேறு ஏதாவது வரும், வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.